எட்டு மணி மாத்திரையும் தாய்மாமன் மடியும்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மெஸ் நடத்தும் வேதாசலத்தை இரண்டு விஷயத்தில் மட்டும் யாரும் சீண்டக் கூடாது. ஒன்று, அவர் வைக்கும் மட்டன் குழம்பு. இன்னொன்று, அவர் தங்கை சசிரேகா. குழம்பைக் குறை சொன்னவனுக்காவது மறுநாள் இலை போடுவார். தங்கையைக் குறை சொன்னவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

அப்படிப்பட்ட தங்கைக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று ஊருக்குள் பேச்சு பரவியதும், டீக்கடையில் ஒருவர் சாதாரணமாகத்தான் கேட்டார், "பொம்பளைக்கு எப்டிப்பா ஈரல் கெடும்? குடிக்குதா இன்னா?" வேதாசலம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே மெஸ்ஸிலிருந்து டீக்கடைக்கு வந்துவிட்டார். "அவ காபிகூட குடிக்க மாட்டா. உடம்புல கீற காவலாளுங்களே புத்தி கெட்டுப்போய் சொந்த ஈரல அடிச்சுக்கினு கீறானுங்க. டாக்டர் சொன்னாரு. இன்னொரு வாட்டி குடிக்கிதான்னு கேட்ட, குழம்பு உன் தலைல கீது."

அவர் சொன்னது சரிதான். எதிர்ப்பு சக்தி தன் ஈரலையே அந்நியமாக நினைத்துத் தாக்கும் நோய் அது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் அரித்து, ஈரலைச் சுருங்கிய தழும்பாக்கிய பிறகுதான் வெளியே தெரிந்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. எடுத்தால் மறுபடி கோத்தது. ஒருமுறை ரத்த வாந்தி. இன்னொரு நாள் சசி தன் மகள் இளமதியைப் பார்த்து, "இது யார் வூட்டுக் கொயந்த?" என்று கேட்டாள். கழிவை வடிகட்ட வேண்டிய ஈரல் வேலை செய்யாததால் அந்தக் கழிவு மூளைக்கு ஏறிவிட்டது என்றார் சென்னை டாக்டர். மருந்து கொடுத்ததும் தெளிந்தாள். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்ட அன்று அவள் புருஷன் பாண்டியன் மெஸ்ஸின் பின்கட்டில் உட்கார்ந்து அழுததை வேதாசலம் மட்டும்தான் பார்த்தார்.

"மருந்தால இனி திரும்பாது. வேற ஈரல் வைக்கணும்" என்றார் டாக்டர். மற்றதையெல்லாம் புரியும்படி சொன்னவள் சோபியா. அந்த ஆஸ்பத்திரியில் உறுப்பு மாற்று வேலைகளை ஒருங்கிணைப்பவள். யார் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும் பெண்.

"ரெண்டு வழி இருக்குண்ணா. மூளைச்சாவு அடைஞ்சவங்க குடும்பம் மனசு வச்சுக் கொடுத்தா, முழு ஈரலா கிடைக்கும். இல்லன்னா வீட்ல ஒருத்தர் தன்னோடதுல ஒரு பாகம் கொடுக்கலாம். ஈரல் மட்டும்தான் வெட்டினா திரும்ப வளரும்."

"எம்எல்ஏ லெட்டர் வாங்கியாந்தா முன்னாடி குடுப்பாங்களாம்மா?"

"எம்எல்ஏவே நோயாளியா வந்தாலும் வரிசைதான்" என்று சிரித்தாள் சோபியா. "மாநிலம் முழுக்க ஒரு பதிவு. எந்த ஆஸ்பத்திரியோட முறைன்னு அரசு அலுவலகம் சொல்லும். எங்க முறை வந்தா, ரத்த குரூப் பொருந்தறவங்கள்ல யாருக்கு நோய் ரொம்ப முத்தியிருக்கோ அவங்களுக்கு முதல்ல. ரத்தப் பரிசோதனை வச்சு மார்க் போடுவோம். திடீர்னு ஈரல் செத்துப்போய் ரெண்டு நாள் தாங்காதுன்னு வந்தவங்க மட்டும் எல்லாருக்கும் முன்னாடி போவாங்க."

வேதாசலத்துக்கு அது நியாயமாகவே பட்டது. பந்தியில் பசித்தவனுக்கு முதலில் போடுவதுதானே முறை. ஆனால் சசி ஓ குரூப். ஓ குரூப்புக்கு ஓ குரூப் ஈரல்தான் ஆகும். வரிசை நீளம்.

பாண்டியன் பி குரூப். கொடுக்க மனசிருந்தும் முடியவில்லை. இதே மாதிரி பொருந்தாத இன்னொரு ஜோடி கிடைத்தால் மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம் என்று சோபியா பெயர் எழுதிக்கொண்டாள். அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டது. மிச்சமிருந்தது வேதாசலம். ஓ குரூப், கூடப் பிறந்த அண்ணன், வயது நாற்பத்து நான்கு. சட்டப்படியும் ரத்தப்படியும் இடைஞ்சல் இல்லை.

"எடுத்துக்கங்க" என்று அங்கேயே சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வேதாசலம், உங்க ஈரல்ல கொழுப்பு ரொம்ப இருக்கு. இதுல பாதிய வெட்டினா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் சரியா வேலை செய்யாது. ரெண்டு மாசம் தரேன். எடையைக் குறைங்க. மறுபடி பாக்கலாம். அவங்களால அதுக்கு மேல காத்திருக்க முடியுமான்னு எனக்குச் சந்தேகம்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மனைவி ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கொயுப்பு கீதுன்னு கண்டுபிடிக்க ஸ்கேனு வேற எடுத்தாங்களா? கல்யாணமாகி இருவது வருசமா நான் சொல்லிக்கினுதான கீறேன்." சொல்லிவிட்டு, புருஷனின் சம்மதப் பத்திரத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். போட்ட கையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அதை அவர் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

அந்த இரண்டு மாதமும் உத்திரமேரூருக்கு நல்ல பொழுதுபோக்கு. விடிவதற்குள் ஏரிக்கரைமேல் வேதாசலம் வேர்க்க விறுவிறுக்க நடப்பார். எதிரே மாடு ஓட்டிக்கொண்டு வருபவர்கள், "இன்னா மெஸ்ஸுகாரரே, கடன்காரன் தொரத்துறானா?" என்பார்கள். பரோட்டா மாவை அவரே அடிப்பார், சுடுவார், மணத்தை மூக்கால் வாங்கிக்கொண்டு கேழ்வரகுக் கூழைக் குடிப்பார். "ஓனரே சாப்புடல, நாங்க எப்டி நம்பி சாப்புட்றது?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டுக் கேட்டு, வியாபாரமே கொஞ்சம் படுத்துவிட்டது. கூரம் கிராமத்திலிருந்து வந்த ஒரு சித்தப்பா கொழுப்பு கரையும் சூரணம் என்று ஒரு பொட்டலமும், சசிக்குக் கீழாநெல்லிச் சாறும் கொண்டுவந்தார். சோபியாவுக்குப் போன் போட்டதும், "ரெண்டும் வேண்டாம்ணா, உள்ள என்ன கலந்திருக்கும்னு நமக்குத் தெரியாது" என்றாள். சித்தப்பா கோபித்துக்கொண்டு போனார். போனால் போகட்டும்.

இதற்கு நடுவில் ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஈரல் ஒன்று வரப்போகிறது, சசி இரண்டாவது ஆளாகத் தயாராக இருக்க வேண்டும் என்றார்கள். முதல் ஆளுக்குக் கடைசி நேரத்தில் முடியாமல் போனால் உறுப்பு வீணாகக் கூடாது என்று இன்னொருவரையும் கூப்பிட்டு வைப்பார்கள். போனார்கள். முதல் ஆளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. சசி வெறுங்கையோடு திரும்பினாள். காரில் வரும்போது, "அந்தம்மாவுக்கு என்னவிட முடியல அண்ணா. அதுக்குக் கெடச்சது நல்லதுதான்" என்றாள். வேதாசலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அவ்வளவு நல்ல மனசு அன்றைக்கு வரவில்லை.

இரண்டு மாதம் முடிந்தது. பதினோரு கிலோ குறைந்திருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர் எழுந்து வந்து கை கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். வேதாசலம் ஊர் திரும்பி, தொளதொளவென்று தொங்கும் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கடைத்தெரு முழுக்க விஷயத்தைச் சொன்னார். எலெக்ஷனில் ஜெயித்தவர்கூட அப்படி நடந்திருக்க மாட்டார்.

அதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை மதியம், மெஸ்ஸில் கூட்டம் நெறிக்கும் நேரம், சோபியா போன் செய்தாள்.

"அண்ணா, ஓ குரூப் ஈரல் ஒண்ணு எங்க முறைக்கு வந்திருக்கு. சசி ரெண்டாவது ஆள். உடனே கிளம்பணும்."

"மறுபடி ரெண்டாவது ஆளா? வியாயக்கெயம தான் என்னுது கீதேம்மா."

"வாங்கண்ணா. வந்தாத்தான தெரியும்."

போனார்கள். முதல் ஆளுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல். அந்த உடம்பில் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். ஈரல் சசிக்கு.

எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். வேதாசலம் மட்டும் திருதிருவென்று விழித்தார். "அப்ப என் ஈரல் இன்னா ஆவுறது?"

"அது உங்ககிட்டயே இருக்கட்டும்ணா" என்றாள் சோபியா. "நல்லா இருக்கற ஒரு மனுஷன அறுக்காம முடியும்னா எங்களுக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல."

அவருக்குச் சந்தோஷம்தான். யார் இல்லை என்றது? ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் சுருக்கென்றது. கூழைக் குடித்தவர் அவர், ஏரிக்கரையைத் தேய்த்தவர் அவர். கடைசியில் முகம் தெரியாத யாரோ வந்து தங்கைக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போகிறார். தன் வீட்டுக் கல்யாணத்தில் வேறொருவன் மாலை வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "யாரும்மா குடுத்தது?" என்று கேட்டார்.

"அதைச் சொல்லக் கூடாதுண்ணா. சின்ன வயசு. விபத்து. அவங்க அம்மா அப்பா சரின்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொல்லலாம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆபரேஷன் முடியும்வரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, சசியையும் நினைத்தார், எங்கோ ஒரு வீட்டு வாசலில் துக்கப் பந்தல் போடுகிறவர்களையும் நினைத்தார். சுருக்கென்று குத்தியது கொஞ்சம் குறைந்தது. முழுசாகப் போகவில்லை.

சசி பிழைத்தாள். மஞ்சளாய் இருந்த கண் வெளுத்தது, வயிறு வற்றியது, பசி எடுத்தது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று சோபியா எல்லோரையும் உட்காரவைத்தாள்.

"இனிமேதான் முக்கியமான வேலை. இந்த ஈரல் எத்தனை வருஷம் ஆனாலும் உங்க உடம்புக்கு அடுத்த வீட்டு ஆள்தான். உடம்பு அதை வெளிய தள்ளப் பாக்கும். தள்ளாம இருக்கத்தான் இந்த மாத்திரை. காலையில எட்டு, ராத்திரி எட்டு, வெறும் வயித்துல. ஆயுசு முழுக்க. நல்லாத்தானே இருக்கோம்னு நிறுத்திடக் கூடாது. நிறுத்தினா முதல்ல வலிக்காது, காய்ச்சல்கூட வராமப் போகலாம், ஆனா உள்ள ஈரல் போயிட்டே இருக்கும். ரத்தப் பரிசோதனைக்கு வர அன்னிக்கு மட்டும், ரத்தம் கொடுத்த அப்புறம் மாத்திரை. கூட்டத்துல மாஸ்க். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம், அது மருந்தை ரத்தத்துல ஏத்திடும்."

வேதாசலம் அங்கேயே தன் போனில் காலை எட்டுக்கும் ராத்திரி எட்டுக்கும் அலாரம் வைத்துக்கொண்டார். ஈரல்தான் கொடுக்க முடியவில்லை, இதையாவது செய்யலாம் என்று. அன்றிலிருந்து மெஸ்ஸில் அந்த அலாரம் அடித்தால் அவர் தோசைக்கல்லை விட்டுவிட்டுப் போன் போடுவார். "போட்டியா?" "போட்டுட்டேன் அண்ணா." வைத்துவிடுவார். காலை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்த அலாரத்தைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஒரு வருஷம் ஓடியது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த இளமதியின் காது குத்தலை இனி வைக்கலாம், திறந்த இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். ஏரிக்கரை வேம்புக்குக் கீழே இருக்கும் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தார்கள். காது குத்து என்றால் தாய்மாமன்தான் ராஜா. அவர் சீர் வந்தால்தான் மேளம், அவர் மடியில் பிள்ளை உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார், அவர் இலையில் பரிமாறினால்தான் பந்தி. வேதாசலம் பட்டு வேட்டி கட்டி, சீர்த்தட்டுகளோடு வந்து இறங்கினார். பதினோரு கிலோவில் நாலைந்து கிலோ திரும்பி வந்திருந்ததால் வேட்டி இடுப்பில் நின்றது.

எட்டு மணிக்கு அலாரம் அடித்தது. மேளச் சத்தத்தில் அதை அவர் ஒருவர்தான் கேட்டார். சசி எதிரே பொங்கல் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் மாஸ்க். பக்கத்தில் மாத்திரைப் பை. பையின் ஜிப் திறக்கவில்லை. அவர் கண்ணால் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டல் அவருக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனேன் என்று பொய் சொல்லும்போதும் அப்படித்தான் ஆட்டுவாள்.

முகூர்த்தம் ஒன்பதரைக்கு. ஆசாரி வந்துவிட்டார். மணைப்பலகை போட்டாயிற்று. "தாய்மாமன் உக்காருங்கோ" என்றார் பூசாரி.

வேதாசலம் நின்றுகொண்டே இருந்தார். "நான் உக்கார மாட்டேன்."

மேளம் நின்றது. ஓரிக்கையிலிருந்து வந்திருந்த பாண்டியனின் பெரியப்பா பதறிப்போனார். தாய்மாமன் கோபித்துக்கொண்டால் மரியாதைக் குறைச்சல் என்றுதான் அர்த்தம். "இன்னா கொறை வச்சோம் சம்மந்தி? மாலை சின்னதாப் பூட்ச்சா? சேர் போடலியா? டேய், சம்மந்திக்கு ஒரு சோடா கொண்டாடா." பாண்டியன் ஓடிவந்து கையைப் பிடித்தான். "மச்சான், தப்பு எதுனா இருந்தா மன்னிச்சுடுங்க."

"மாலையும் வாணாம், சோடாவும் வாணாம். சசி, நீ மாத்திர போட்டியா?"

சசி பானையைப் பார்த்தாள். "முடிஞ்சதும் போட்டுக்கறேன் அண்ணா. வேண்டுதல். கொயந்த காதுல தங்கம் ஏறுற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படக் கூடாதுன்னு ஆபரேசன் ரூமுக்குப் போறப்ப வேண்டிக்கினேன். நேத்து பொழுது சாய்ஞ்சதுலேர்ந்து விரதம்."

"நேத்து பொழுது சாய்ஞ்சதுலேர்ந்தா? அப்ப ராத்திரி எட்டு மணிக்கு, போட்டுட்டேன்னு என்கிட்ட சொன்னியே?"

சசி மாத்திரைப் பையைப் பின்னால் தள்ளினாள். அதுவே பதில். இரண்டு வேளை. வேதாசலம் போனை எடுத்தார். ஒதுங்கி நின்று சோபியாவைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் அவள் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும், கடைசியாக எப்போது போட்டாள் என்று முதலில் கேட்டுக்கொண்டாள்.

"விட்ட ராத்திரி டோஸைச் சேத்துப் போட வேண்டாம். காலை மாத்திரைய இப்பவே போடச் சொல்லுங்க. தண்ணியோட. நாளைக்குக் காலையில மாத்திரைக்கு முன்னாடி ரத்தம் கொடுக்க இங்க வரணும். இன்னும் தள்ளிப்போகக் கூடாதுண்ணா."

அவர் திரும்பி வந்தார். "இப்பவே போடணுமாம்."

"இன்னும் அர அவரு தான அண்ணா. சாமி காரியம். நடுவுல தண்ணி குடிச்சா சாமி கோச்சிக்காதா? எனக்கு உசுரு குடுத்த சாமி."

வேதாசலத்துக்குக் கோபம் வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் மறைக்க அவருக்குத் தெரியாது, மறைக்கவும் இல்லை.

"உனக்கு உசுரு குடுத்தது யாரோ ஒரு புள்ள. பேரு தெரியாது, ஊரு தெரியாது. அத்தப் பெத்தவங்க நெஞ்ச கல்லாக்கிக்கினு குடுத்தாங்க. நேத்துலேர்ந்து நீ பட்னி போட்டுக்கினு கீறது உன் வயித்த இல்ல, அந்தப் புள்ளையோட ஈரல. அத்த வெளிய தள்ள உனக்கு இன்னா உரிம கீது? சாமி கோச்சிக்கினா என்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன். ஆனா நீ மாத்திர போடாம இந்த மடில உன் புள்ள உக்காராது. ஆசாரி வூட்டுக்குப் போலாம்."

ஆசாரி ஊசியைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். இளமதி மட்டும், "அப்ப காது குத்த மாட்டாங்களா மாமா?" என்று ஆசையாகக் கேட்டாள். நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

பூசாரிதான் முதலில் அசைந்தார். தீர்த்தச் சொம்பைத் தூக்கி சசியிடம் நீட்டினார். உடனே கையை இழுத்துக்கொண்டு, "இது பச்சத் தண்ணி, வாணாமா?" என்று வேதாசலத்தைப் பார்த்தார். பாண்டியன் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தான். சசி மாஸ்க்கை இறக்கினாள். வலது விலாவுக்குக் கீழே, தழும்பு இருக்கும் இடத்தில், ஒரு கையை வைத்துக்கொண்டாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும் அழுதாள். "எனக்கு அப்டித் தோணவே இல்ல அண்ணா. அந்தப் புள்ளைய நான் நெனைக்கவே இல்ல."

"வெறும் வயித்துல தான போட்ட? அதுவரைக்கும் விரதம் நல்லதுக்குத்தான்" என்றார் வேதாசலம். குரல் இறங்கிவிட்டது. மணையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். இளமதி உட்கார்ந்தாள், கத்தினாள், தங்கம் ஏறியது. அதே வாயால் லட்டு கேட்டாள்.

பந்திக்கு இலை போட்டார்கள். முதல் இலை தாய்மாமனுக்கு. வேதாசலம் அதன்முன் உட்காரவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டாவது இலையில் உட்கார்ந்துகொண்டு, முதல் இலையைக் காட்டி, "இதுல எல்லாத்தையும் வைங்க" என்றார்.

"அது உங்க எலைங்க சம்மந்தி" என்றார் பெரியப்பா. "மாமன் எல."

"தெரியும். வைங்க."

யாருக்கு என்று பெரியப்பா கேட்பதற்குள் சசி வந்தாள். பரிமாறுகிறவரிடமிருந்து கரண்டியை வாங்கி, அந்த இலையில் சோறும் குழம்பும் வடையும் பாயசமும் தானே வைத்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் தெரியாததால், பெயர் சொல்லாமலே படைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார். ஒரு வருஷமாக உள்ளே குத்திக்கொண்டிருந்த அந்தச் சுருக் இப்போது இல்லை என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு தன் இலையில் கை வைத்தார். மட்டன் குழம்பு இரண்டாம் முறை வந்தபோது எதிர்வரிசையிலிருந்து ஜெயம்மா முறைத்தாள்.

"இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்றார் வேதாசலம். "என் ஈரல் என்கிட்டதான கீது."

"அதான் பயமா கீது" என்றாள் ஜெயம்மா. குழம்பு வாளியைக் கையால் தடுத்து அடுத்த இலைக்கு அனுப்பினாள். "நாளைக்குக் காலைல சசி கூட நீயும் போய் ரத்தம் குடு."